பேச்சை வெட்டும் திறமைசாலியிடம் எப்படிச் சொல்வது? ஒரு டீம் லீடருக்குக் கடிதம்

அன்புள்ள டீம் லீடருக்கு,

வணக்கம். வேலையில் உங்கள் டீமிலேயே கெட்டிக்காரர் அவர். ஆனால் மீட்டிங்கில் யாரையும் பேசி முடிக்க விடுவதில்லை. இதை அவரிடம் சொல்லியாக வேண்டும், எப்படித் தொடங்குவது என்பதுதான் உங்கள் தயக்கம்.

"நீங்கள் மற்றவர்களைப் பேச விடுவதில்லை" என்று ஆரம்பிக்காதீர்கள். தன் குணத்தையே குறை சொல்வதாக எடுத்துக்கொண்டு, தான் அமைதியாக இருந்த நாட்களைக் காட்டி வாதாடுவார். "எல்லோரும் சொல்கிறார்கள்" என்பது இன்னும் மோசம். சொன்னது யார் என்று தேடுவார். ஏற்கெனவே ஒடுங்கியிருப்பவர்களுக்குத்தான் அது சங்கடம். நீங்களே பார்த்ததை மட்டும் பேசுங்கள்.

அதற்காக இரண்டு மீட்டிங்குகளில் குறிப்பெடுங்கள். யார் பேசிக்கொண்டிருந்தார், இவர் எந்த இடத்தில் புகுந்தார், அந்தப் பேச்சு பிறகு தொடர்ந்ததா? கடைசிக் கேள்விதான் முக்கியம். நடுவே "ஆமாம், ஆமாம்" என்று சேர்ந்துகொள்வது பலருக்கு ஆர்வத்தில் வருவது, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பேசியவர் சொல்ல வந்ததைச் சொல்லாமலே விட்டுவிட்டாரா என்று பாருங்கள்.

விளைவு தெரிந்த அன்றோ மறுநாளோ, தனியாக, இருபது நிமிடம் ஒதுக்கிப் பேசுங்கள். உதாரணத்துக்கு இப்படி:

"செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில், டெஸ்டிங் பார்ப்பவர் பழைய டேட்டாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். இரண்டாவது வாக்கியத்திலேயே நீங்கள் குறுக்கிட்டு உங்கள் தீர்வைச் சொன்னீர்கள். அதன்பிறகு அவர் வாய் திறக்கவில்லை. அந்த டேட்டாவில் இருந்த சிக்கல் நேற்றுதான் தெரிந்தது. இரண்டு நாள் வேலையைத் திரும்பச் செய்கிறோம்."

இவ்வளவு சொல்லிவிட்டு நிறுத்துங்கள். முன்னும் பின்னும் பாராட்டை வைத்து மென்மையாக்க வேண்டாம். பாராட்டுக்குப் பழகியவர் அதை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்துபோவார்.

"என் தீர்வு சரிதானே?" என்று கேட்பார், அநேகமாக. சரியாக இருந்தால் சரி என்றே ஒப்புக்கொள்ளுங்கள். "ஆனால் அவருக்குத் தெரிந்த விஷயம் நமக்கு வந்து சேரவில்லையே" என்று மறுபடி அங்கேயே வாருங்கள். தீர்வைப் பற்றிய விவாதத்துக்குள் போனால் அவர்தான் ஜெயிப்பார், வந்த வேலை நடக்காது.

பிறகு ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: ஒருவர் முடித்தபின் மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டுப் பேச வேண்டும். தவறிப்போய் வெட்டிவிட்டால், "மன்னிக்கணும், நீங்க முடிங்க" என்று பேச்சை அவரே திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் மறந்தால் நீங்கள் "ஒரு நிமிஷம், அவர் முடிக்கட்டும்" என்பீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். முன்கூட்டித் தெரிந்திருந்தால் எல்லோர் முன்னாலும் அது அவமானமாகப் படாது.

உங்கள் பங்கையும் பாருங்கள். கேள்வி எழுந்ததும் முதலில் இவர் முகத்தைப் பார்ப்பது நீங்களாகவும் இருக்கலாம். சம்பந்தப்பட்டவரைப் பெயர் சொல்லி முதலில் கேளுங்கள்.

அடுத்த மீட்டிங்கில் அவர் அடியோடு வாயை மூடிக்கொண்டால், திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். அது கோபம். அன்றே கூப்பிட்டு, அவர் கருத்து வேண்டும், மற்றவர் முடித்தபின் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

இரண்டு வாரம் கழித்து அதே மாதிரி குறிப்பெடுத்து, அதை அவருக்கே காட்டுங்கள். வெட்டுவது குறையாமல் இருந்து, வெட்டிய பேச்சைத் திருப்பிக் கொடுப்பதும் இல்லையென்றால், வருடாந்திர மதிப்பீட்டில் இதுவும் கணக்கில் வரும் என்று அந்தச் சந்திப்பிலேயே சொல்லுங்கள். மதிப்பீட்டு நாளில்தான் அவர் முதன்முறையாக அதைக் கேட்கிறார் என்ற நிலை வரக்கூடாது.

அன்புடன்,
உங்கள் நலம் விரும்பிகள்