பொருத்துக: ஒரு பிழைக்கு இரு தண்டனை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருபுறமும் 5 சொற்கள் கொண்ட ‘பொருத்துக’ வினாவில், எல்லாவற்றையும் இணைத்தாக வேண்டும் என்னும்போது, 5-க்குச் சரியாக 4 மதிப்பெண் பெறவே முடியாது என்பதை வினா அமைப்போர் கவனிப்பதில்லை. விசை, அழுத்தம், ஆற்றல், திறன், மின்னூட்டம் ஆகியவற்றை நியூட்டன், பாஸ்கல், ஜூல், வாட், கூலும் ஆகிய அலகுகளோடு பொருத்தும் மாணவர், திறனின் அலகு ஜூல் என்று தவறாக நினைத்தால், ஆற்றலுக்கு உரிய விடை பறிபோய், மிஞ்சிய வாட் அங்கே போய் உட்காருகிறது. ஆற்றலுக்குக் கூலும் என்று எழுதிவிட்டால் மின்னூட்டமும் சேர்ந்து விழுகிறது. ஒரே குழப்பத்துக்கு மூன்று மதிப்பெண் இழப்பு. மாறாக, நான்கை அறிந்தவருக்கு ஐந்தாவது அறியாமலே கிடைத்துவிடுகிறது. (இதைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை!)

வலப்புறத்தில் ஹெர்ட்ஸ், ஓம் என இரண்டு அலகுகளைக் கூடுதலாக வைத்து, ஒரு விடையை ஒன்றுக்கு மேற்பட்ட முறை பயன்படுத்தலாம் என்றும் வினாவிலேயே குறிப்பிட்டால், ஆற்றலுக்கும் திறனுக்கும் ஜூல் என்று எழுதும் மாணவர் ஒரு மதிப்பெண்ணை மட்டுமே இழப்பார். கூடுதல் விடைகளை மட்டும் சேர்த்தால் இலவச மதிப்பெண் கிடைப்பது நின்றுபோகுமே தவிர, பறிபோன ஜூல் திரும்பாது.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியர்