சாமந்திப்பூ படம் வைத்திருந்தவருக்கு நன்றி

நீங்கள் அண்ணனா அக்காவா என்றுகூடத் தெரியாது. முகப்புப் படத்தில் ஒரு சாமந்திப்பூ, அவ்வளவுதான்.

ராத்திரி ஒன்றரை மணி, பர்ஸைக் காணோம் என்ற ஆத்திரத்தில் விடுதி மெஸ்ஸில் பரிமாறும் அண்ணனின் படத்தோடு "இவர்தான் எடுத்தார்" என்று ஃபேஸ்புக்கில் எழுதிவிட்டுத் தூங்கிப்போனேன். காலையில் பர்ஸ் என் லேப்டாப் பையிலேயே இருந்தது. பதிவோ பலர் கைக்குப் போயிருந்தது. அண்ணனை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அழிக்கப் போன நேரத்தில் உங்கள் இன்பாக்ஸ் வந்தது: "அழிக்காதே. அழித்தால் ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான் மிஞ்சும், திருத்தம் எங்கும் இருக்காது. முதலில் படத்தை நீக்கு. பிறகு முதல் வரியிலேயே 'நான் எழுதியது பொய்' என்று போடு. பகிர்ந்தவர்கள் பக்கத்திலும் அதுவே தெரியும்."

அப்படியே செய்தேன். 'தவறான புரிதல்' என்று எழுதியதைக்கூட நீங்கள் விடவில்லை: "புரிதல் இல்லை தம்பி, பழி." மாற்றினேன். வாட்ஸப்பில்தான் சிக்கல். மற்றவர்கள் அனுப்பியதை அங்கே நான் திருத்த முடியாது. ஸ்கிரீன்ஷாட் சுற்றிய குழுக்களில் ஒவ்வொன்றாக மறுப்பு போட்டேன்.

பிறகு வார்டனிடம் எழுதிக் கொடுத்தேன். அண்ணன் வீட்டுக்கும் போனேன். அவர் எதுவும் பேசவில்லை. அவர் அம்மாதான் உட்காரச் சொன்னார். மூன்றாம் நாள் அண்ணன் வேலைக்குத் திரும்பினார். இன்னும் என் தட்டில் சாம்பார் ஊற்றும்போது நிமிர்ந்து பார்ப்பதில்லை.