கேட் 9 மணிக்கு மூடும், எங்கள் ஊர் முதல் பஸ் 6.10-க்கு

மாவட்டத்தில் தேர்வுப் பணிகளைப் பார்க்கிற அதிகாரிகளுக்கும், பஸ் விடுகிற கிளை மேலாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

ஒவ்வொரு குரூப் 4 தேர்வுக்கு முன்னாலும் ஒரு செய்திக் குறிப்பு வரும். "தேர்வர்களின் வசதிக்காகச் சிறப்புப் பேருந்துகள் இயக்கப்படும், தேர்வு மையங்களில் பேருந்துகள் நின்று செல்லும்" என்று அதில் ஒரு வரி இருக்கும். அது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பஸ் ஓடத்தான் செய்கிறது. எங்கிருந்து ஓடுகிறது என்பதில்தான் எனக்குப் பிரச்சினை. பஸ் ஸ்டாண்டிலிருந்து தேர்வு நடக்கிற பள்ளிக்கு ஓடுகிறது. அதாவது கடைசி ஆறு கிலோமீட்டருக்கு. எங்களுக்கு வேண்டியது முதல் அறுபது கிலோமீட்டர்.

2022 ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை. மலையில் இரவு தங்குகிற பஸ் காலை 6.10-க்கு எடுத்தால் ஒன்றேகால் மணி நேரம் கொண்டை ஊசி வளைவுகள், அப்புறம் அடிவாரத்திலிருந்து ஊர் ஊராக நின்று இன்னொரு மணி இருபது நிமிடம். பஸ் ஸ்டாண்டில் நானும் சித்தி மகளும் இறங்கியபோது மணி 8.45. "எக்ஸாம் ஸ்பெஷல்" என்று கண்ணாடியில் பேப்பர் ஒட்டிய பஸ்ஸின் கடைசி நடை 8.15-க்கே போய்விட்டதாம். ஆட்டோக்காரர் 200 கேட்டார், கொடுத்தோம். பள்ளி வாசலில் மணி 9.04. ஹால் டிக்கெட்டில் 8.30-க்கு வரச் சொல்லியிருக்கும், 9.00 வரை சலுகை நேரம், அதற்குப் பிறகு யாருக்கும் அனுமதி கிடையாது. கேட்டுக்கு உள்ளே நின்ற காவலர் திட்டவில்லை, பாவம், "என் கையில ஒண்ணும் இல்லம்மா" என்றார். அவர் கையில் ஒன்றும் இல்லைதான். விதியைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. எங்களுக்காக நாலு நிமிடம் தளர்த்தினால் அடுத்தவருக்குப் பத்து நிமிடம் தளர்த்த வேண்டியிருக்கும்.

என் கேள்வி வேறு. அன்றைக்கு அந்த பஸ் 6.10-க்கு எடுக்காமல் 5.20-க்கு எடுத்திருந்தால்?

கொஞ்சம் என்னோடு சேர்ந்து பின்னாலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். 8.30-க்குப் பள்ளி வாசலில் நிற்க வேண்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து பள்ளிக்குக் கால் மணி நேரம், அப்படியென்றால் 8.15-க்கு ஸ்டாண்டில் இருக்க வேண்டும். அடிவாரம் 6.55. மலையிலிருந்து 5.40-க்குக் கிளம்ப வேண்டும். பனி இறங்கியிருந்தாலோ, எதிரே லாரி வந்து வளைவில் மாட்டிக்கொண்டாலோ என்று ஒரு இருபது நிமிடம் கையில் வைத்தால் 5.20. அவ்வளவுதான் கணக்கு. புது பஸ் வேண்டாம், புது வழித்தடம் வேண்டாம். ஏற்கெனவே மலையில் இரவு நிற்கிற அதே பஸ், அதே டிரைவர், அதே கண்டக்டர். தேர்வு நாள் அன்று மட்டும் 50 நிமிடம் முன்னால் எடுத்து, ஸ்டாண்டோடு நிறுத்திவிடாமல் பள்ளி வாசல் வரை போய் வர வேண்டும்.

இதிலும் சிக்கல் இருக்கிறது, மறைக்கவில்லை. 6.10 பஸ்ஸை நம்பி காய்கறி மூட்டையோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லாமல் நேரத்தை மாற்றினால் அவர்கள் நடுரோட்டில் நிற்பார்கள், அப்புறம் அடுத்த தேர்வுக்கு ஊரே எதிர்க்கும். இரண்டு நாள் முன்னதாக பஸ்ஸிலேயே ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டால் போதும், ரேஷன் கடையில் சொன்னால் இன்னும் நல்லது. டிரைவர், கண்டக்டர் பாடும் இருக்கிறது. இரவு ஒன்பதரைக்கு வந்து படுக்கிறவரை நாலரைக்கு எழுப்பினால் மலைப்பாதையில் அவர் கண் செருகும். அதனால் முந்தின நாள் மேலே வருகிற கடைசி நடையையும் ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆள் பற்றாக்குறை என்று முதலில் வெட்டப்படுவது மலை நடைதான் என்பதை டிப்போவில் வேலை பார்க்கிறவர்களே சொல்வார்கள். தேர்வு நாளில் எந்த நடையையும் வெட்டுங்கள், இந்த ஒரு நடையை வெட்டாதீர்கள். மலையில் ஓட்டிப் பழகியவருக்கு அன்றைக்கு லீவு கொடுத்துவிட்டு சமவெளி டிரைவரை அனுப்புவதும் வேண்டாம்.

"பஸ் வேண்டாம், வேன் வைத்துக் கொடுத்துவிடலாம்" என்று சிலர் நினைக்கலாம். வைக்கலாம்தான். ஆனால் சில மலைப்பாதைகளில் இரவு வாகனத்துக்குத் தடை இருக்கிறது, வனத்துறை சோதனைச்சாவடி காலை ஆறு மணிக்குத்தான் திறக்கும். அங்கே வேனுக்கு முன்கூட்டியே வனச்சரகருக்குக் கடிதம் போகவில்லை என்றால், உள்ளே பதினைந்து பேர் ஹால் டிக்கெட்டோடு உட்கார்ந்திருக்க, வண்டி சாவடியிலேயே நிற்கும். கடிதம் போனால் மட்டும் பத்தாது, அன்று அதிகாலைக் காவலில் இருக்கிற ஊழியரின் கைக்கு அதன் நகல் வந்திருக்க வேண்டும்.

சரி, பஸ் நிற்கிற ஊர்க்காரர்களுக்கு இது போதும். பஸ் நிற்கிற இடத்திலிருந்து நாலு கிலோமீட்டர் காட்டுக்குள் இருக்கிற குடியிருப்புகளுக்கு? 5.20 பஸ்ஸுக்கு அங்கிருந்து 4.20-க்கு நடக்கத் தொடங்க வேண்டும். அந்த நேரத்தில் அந்தப் பாதை யானையுடையது. மழைக்காலத்தில் அதுவும் கிடையாது. கடம்பூர் மலையில் மாக்கம்பாளையம் போகிற வழியில் குரும்பூர் பள்ளத்திலும் சர்க்கரைப் பள்ளத்திலும் வெள்ளம் வந்து பஸ் நின்றுபோன செய்தியை நீங்களும் எத்தனையோ முறை படித்திருப்பீர்கள். இப்படிப்பட்ட ஊர்களுக்கு எவ்வளவு சிறப்புப் பேருந்து விட்டாலும் பிரயோஜனம் இல்லை. அவர்கள் முந்தின நாளே கீழே இறங்கி, ஓர் இரவு தங்கித்தான் ஆக வேண்டும்.

எங்கே தங்குவது என்பதைப் பணமாகக் கொடுத்துத் தீர்க்க முடியாது. 2018-இல் நீட் தேர்வுக்குத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலருக்கு எர்ணாகுளம் வரை மையம் போட்டபோது, மாநில அரசு பயணச் செலவோடு 1000 ரூபாய் தருவதாக அறிவித்தது. பணம் தேவைதான், ஆனால் தெரியாத ஊரில் இறங்கியவர்களுக்கு அந்த இடத்திலேயே கை கொடுத்தது, கேரள அரசு ரயில் நிலையங்களிலும் பஸ் நிலையங்களிலும் திறந்த உதவி மையங்கள். 2020 செப்டம்பரில் கொரோனா நேரத்தில் ஜேஇஇ தேர்வு நடந்தபோது ஒடிசா அரசு தேர்வர்களுக்கு இலவசமாக வண்டியும் தங்க இடமும் தருவதாக அறிவித்து, கல்லூரி விடுதிகளைப் பயன்படுத்தியது. நம் வட்டத் தலைநகரங்களிலும் விடுதிகள் இல்லாமல் இல்லை. ஆதிதிராவிடர், பழங்குடியினர் நல விடுதிகளிலும் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளிலும் வார இறுதியில் பாதிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். தேர்வும் பெரும்பாலும் சனி, ஞாயிறுதான். தேர்வு மையமாக இருக்கிற பள்ளியில் ஆட்களைத் தங்கவைக்க முடியாது, கல்யாண மண்டபம் முகூர்த்த நாளில் கிடைக்காது. விடுதி ஒன்றுதான் வழி, அதற்கு ஒரே ஒரு உத்தரவுதான் வேண்டும்.

எங்கள் பக்கத்துப் பெண்களோடு ஒரு முறை அப்படித் தங்கிய அனுபவத்தில் சொல்கிறேன். மாடியில் இடம் இருந்தது, பாயும் இருந்தது. குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, இரவெல்லாம் மாறி மாறி ஒருவருக்கொருவர் காவல் நின்றோம். கூட வந்த கணவரையோ அப்பாவையோ எங்கே படுக்க வைப்பது என்று யாரும் யோசிக்கவில்லை, அவர்கள் பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் படுத்தார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒரு அக்கா தேர்வு எழுதப் போனால் குழந்தையை வைத்துக்கொள்ள வந்த மாமியாருக்கும் உள்ளே இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள், அப்புறம் சமையலம்மாதான் தன் அறையில் சேர்த்துக்கொண்டார். காலை இட்லி எட்டு மணிக்குத்தான் என்றார்கள். எட்டு மணிக்கு நாங்கள் கேட்டில் இருக்க வேண்டாமா? இதெல்லாம் காசு ஆகிற விஷயமே இல்லை. ஆண், பெண் என்று இரண்டு விடுதி, கூட வருகிற ஒருவருக்கு இடம், ஏழு மணிக்குச் சாப்பாடு, தாழ்ப்பாள். அப்புறம் பை. செல்போனைத் தேர்வு அறைக்குள் விடமாட்டார்கள். ஒரு நாள் துணியும் போனும் உள்ள பையை விடுதியிலேயே டோக்கன் போட்டு வாங்கி வைத்தால், தேர்வு முழுக்க மனசு பையிலேயே இருக்காது.

எத்தனை பேர் என்று தெரியாமல் எப்படி ஏற்பாடு செய்வது என்று கேட்பீர்கள், நியாயம். நிரந்தரப் பதிவில் எல்லாருடைய முகவரியும் பின்கோடும் இருக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். மலையில் ஒரே பின்கோடில் இருபது குடியிருப்பு இருக்கும், பஸ் நிற்கிற ஊரும் அதுதான், யானைப் பாதை ஊரும் அதுதான். ஹால் டிக்கெட் வந்த பிறகுதான் எந்தப் பள்ளி என்றே தெரியும், அதற்கும் தேர்வுக்கும் நடுவில் சில நாட்கள்தான். எங்கள் ஊரில் ஹால் டிக்கெட் எடுக்கவே சிக்னல் தேடி மேட்டுக்குப் போக வேண்டும், ஆன்லைனில் படிவம் நிரப்பச் சொன்னால் யாரும் நிரப்ப மாட்டோம். கிராம உதவியாளரிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள். பெயர், எந்தப் பள்ளி, பஸ்ஸுக்கு நடக்க எவ்வளவு நேரம், கூட யார் வருகிறார்கள். நாலே கட்டம். நடக்க முக்கால் மணிக்கு மேல் என்று எழுதினவர்கள் விடுதிக்கு, மற்றவர்கள் 5.20 பஸ்ஸுக்கு.

திரும்பி வருவதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், அதை எப்போதும் மறந்துவிடுகிறீர்கள். 12.30-க்குத் தேர்வு முடிந்து, விடைத்தாளை எண்ணி வாங்கி, நாங்கள் வெளியே வர 12.45 ஆகும். எங்கள் மலைக்குப் பகல் நடை 12.15-க்குப் போய்விடும், அடுத்தது மாலை 5.30. அதில் ஏறினால் மேலே இறங்கும்போது எட்டு மணி தாண்டிவிடும், அங்கிருந்து காட்டுக்குள் நடக்க முடியாது, இன்னோர் இரவு யார் வீட்டிலாவது படுக்க வேண்டும். அந்த 12.15 நடையை அன்றைக்கு 1.15-க்கு வைத்தால் நாலு மணிக்குள் மேலே இருப்போம், வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு நடந்துவிடலாம்.

எங்கள் ஐந்து குடியிருப்பிலும் சேர்த்து அடுத்த தேர்வுக்கு இப்போதைக்கு 23 பேர் படிக்கிறோம். ஒன்பது பேருக்கு விடுதி வேண்டும், அதில் ஆறு பேர் பெண்கள், இரண்டு பேருக்குக் கைக்குழந்தை. மற்ற பதினாலு பேருக்கு அந்த 50 நிமிடம் போதும். நோட்டு நாங்களே போட்டு வைத்திருக்கிறோம், கிராம உதவியாளரை அனுப்பினால் கொடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
9.04-க்கு வந்த இரண்டு பேரில் ஒருத்தி