குளியலறை வேலை: எங்கள் சோதனை எது, உங்கள் ஒப்புதல் எது, யார் எப்போது கையொப்பமிட வேண்டும்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தீபாவளிக்கு முன் குளியலறையை உடைத்துக் கட்டித்தரச் சொல்லிப் பலர் பதிவு செய்திருக்கிறீர்கள். எங்கள் கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வகைக் கையொப்பங்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று எங்கள் மேற்பார்வையாளருடையது, மற்றொன்று உங்களுடையது. இரண்டும் ஒரே வேலையைப் பற்றியவைதான், ஆனால் அவை பதில் சொல்லும் கேள்விகள் வேறு.

எங்கள் கையொப்பம் தரக் கட்டுப்பாடு, அதாவது குவாலிட்டி கண்ட்ரோல். வேலை சரியாகச் செய்யப்பட்டிருக்கிறதா என்பது அதன் கேள்வி. அளந்து, தட்டி, தண்ணீர் விட்டுப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். உங்கள் கையொப்பம் ஸ்கோப் வேலிடேஷன். நீங்கள் கேட்டதும் கொட்டேஷனில் எழுதியதும் இதுதானா என்பது அதன் கேள்வி. அதற்கு உங்களைத் தவிர வேறு யாரும் பதில் சொல்ல முடியாது. எங்கள் சோதனையில் தேறாத எதையும் உங்களிடம் ஒப்புதலுக்குக் கொண்டுவருவதில்லை. எங்கள் மேற்பார்வையாளர் எழுதிய தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அது இல்லாவிட்டால் நீங்கள் கையொப்பமிட வேண்டாம்.

இதை ஒரு சாதாரணத் தாமான் வீட்டுக் குளியலறையை வைத்து விளக்குகிறோம். ஐந்தடி அகலம், எட்டடி நீளம். வாசல் ஒரு முனையில், தண்ணீர் வடியும் புளோர் டிராப் எதிர்முனை மூலையில். இந்த வேலையில் மிக முக்கியமான பொருள் கடைசியில் கண்ணுக்கே தெரியாது. அது டைல்ஸுக்கு அடியில் பூசும் வாட்டர்புரூஃபிங். அதனால் உங்கள் ஒப்புதலை வேலையின் கடைசி நாளுக்குத் தள்ளிவைக்க முடியாது. எது மூடப்படப் போகிறதோ, அதை மூடுவதற்கு முன்பே நீங்கள் பார்த்தாக வேண்டும்.

முதல் ஒப்புதல் சாக்பீஸ் கோடுகளுக்கு. பழைய டைல்ஸை உடைத்ததும் குழாய் வரும் இடம், ஹீட்டர் உயரம், டிராப் இருக்கும் மூலை, வாசலில் கட்டும் தடுப்பின் உயரம் எல்லாவற்றையும் சுவரிலும் தரையிலும் வரைந்து காட்டுவோம். அந்த அறையை அதிகம் புழங்குபவர் வந்து பார்க்க வேண்டும். வீட்டில் பாட்டி இருந்தால் அவரே வந்து, குழாய்க்குக் கீழே வாளி வைத்து, தடுப்பின் கோட்டுக்கு மேல் கால் எடுத்து வைத்துப் பார்க்கட்டும். இந்தக் கட்டத்தில் ஒரு கோட்டை அழித்து வேறு இடத்தில் போடச் செலவே இல்லை.

அடுத்தது வாட்டர்புரூஃபிங். மூலைகளில் வலைத்துணி ஒட்டி, இரண்டு கோட் பூசுகிறோம். முதல் கோட் காய்ந்த பிறகு இரண்டாவதைக் குறுக்குவாட்டில் இழுக்கிறோம். சுவரில் ஓரடி உயரம் வரையும், ஷவர் பக்கம் ஆறடி வரையும் ஏற்றுகிறோம். நன்றாகக் காய்ந்ததும் டிராப்பை அடைத்து, தரையின் மேடான இடத்திலும் 25 மில்லிமீட்டர் நிற்கும்படி தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் மட்டம் குறித்து, 24 மணி நேரம் விடுகிறோம். பக்கத்திலேயே ஒரு வாளித் தண்ணீரையும் மட்டம் குறித்து வைக்கிறோம். வெயில் நாளில் தண்ணீர் தானாகவே சற்று ஆவியாகும். வாளியிலும் தரையிலும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது ஆவியானது. தரையில் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் கசிவு இருக்கிறது. பக்கத்து அறைச் சுவரின் அடிப்பகுதியும் வாசல் தடுப்பின் வெளிப்பக்கமும் ஈரமாகியிருக்கின்றனவா என்றும் பார்க்கிறோம். கசிவு பெரும்பாலும் தரை நடுவில் இருக்காது, டிராப்பின் கழுத்திலும் சுவரைத் துளைத்து வரும் குழாயைச் சுற்றியும்தான் இருக்கும்.

இது முழுக்க எங்கள் சோதனை. நீங்கள் வந்து பார்க்கலாம், ஆனால் கசிவைக் கண்டுபிடிப்பது உங்கள் பொறுப்பு அல்ல. சோதனை தேறித் தண்ணீரை வடித்த பிறகு உங்களிடம் கேட்பது, கொட்டேஷனில் சொன்ன உயரம் வரை பூசியிருக்கிறதா, தடுப்பும் டிராப்பும் கோடு போட்ட இடத்தில் இருக்கின்றனவா என்பதை மட்டும்தான். திருநாள் நெருங்குகிறது என்று இந்த 24 மணி நேரத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள். அதைக் குறைக்க எங்கள் ஆட்களுக்கும் அனுமதி இல்லை.

டைல்ஸ் ஒட்டிய பிறகு, காசைக் கொண்டு ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்கிறோம். பொள்ளலாகச் சத்தம் வந்தால் அடியில் பசை முழுவதும் பிடிக்கவில்லை. பசையை நான்கு மூலையில் மட்டும் வைத்திருப்பார்கள், அல்லது டைல் வைக்கும் முன்பே பசையின் மேல்பரப்பு காய்ந்திருக்கும். அதைப் பெயர்த்து மறுபடி ஒட்டுவோம். சரிவு நூறுக்கு ஒன்று, எட்டடி நீளத்தில் 24 மில்லிமீட்டர் இறக்கம். ஒரு வாளித் தண்ணீரை வாசல் பக்கம் ஊற்றினால் எங்கும் குட்டையாக நிற்காமல் டிராப்புக்குப் போக வேண்டும்.

இவை எல்லாம் தேறியும் நீங்கள் மறுக்கலாம். கொட்டேஷனில் சொரசொரப்பான சாம்பல் நிற டைல் என்று எழுதியிருக்க, வழவழப்பானதை எவ்வளவு நேர்த்தியாக ஒட்டியிருந்தாலும் அது நீங்கள் கேட்டது அல்ல. எங்கள் செலவில் மாற்றித் தர வேண்டும். மறுபக்கம், தடுப்பு 100 மில்லிமீட்டர் என்று எழுதி, அப்படியே கட்டி, முடிந்த பிறகு பாட்டிக்குக் கால் தூக்கச் சிரமம், பாதியாகக் குறையுங்கள் என்றால், அது நியாயமான வேண்டுகோள்தான். ஆனால் அது எங்கள் குறை அல்ல, வேலையின் மாற்றம். வி.ஓ. எனப்படும் வேலை மாற்றத் தாளில் விலையும் நாளும் எழுதி, நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகே தொடங்குவோம். விலை ஏன் கூடுகிறது என்று கேட்பீர்கள். தடுப்பை வெட்டினால் அங்கே வாட்டர்புரூஃபிங் அறுந்துபோகும். அந்த இடத்தை மறுபடி பூசி, காயவிட்டு, இன்னொரு 24 மணி நேரம் தண்ணீர் கட்டி, டைல்ஸும் ஒட்ட வேண்டும்.

எந்த வகையாக இருந்தாலும் மறுப்புக்கான காரணத்தைத் தாளில் எழுதுங்கள். "பிடிக்கவில்லை" என்று மட்டும் எழுதினால் எதைத் திருத்துவது என்று ஆட்களுக்குத் தெரியாது. "குழாய் கோட்டிலிருந்து ஒரு சாண் கீழே இருக்கிறது" என்று எழுதினால் அன்றே திருத்தலாம்.

ஹீட்டர் லைன் மட்டும் தனி. அதன் பாதுகாப்புக்கு உங்கள் கையொப்பமும் போதாது, எங்களுடையதும் போதாது. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் சோதித்து எழுதித் தர வேண்டும். அந்த லைனுக்கு 10 மில்லிஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி பொருத்தி, அதன் டெஸ்ட் பட்டனை உங்கள் முன்னால் அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். ஹீட்டர் நீங்கள் கேட்ட உயரத்தில் இருக்கிறதா என்பதை மட்டும் நீங்கள் சொன்னால் போதும்.

பிறகு, யார் கையொப்பமிடுவது? பல வீடுகளில் பணம் அனுப்புவது சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன், வீட்டில் இருப்பது அப்பா, சமையலறையிலிருந்து யோசனை சொல்வது அம்மா. மூவரும் மூன்று விதமாகச் சொன்னால் ஆட்கள் தடுமாறுவார்கள். அதனால் கொட்டேஷனில் ஒருவர் பெயரை மட்டும் எழுதுங்கள். வெளியூரில் இருப்பவராக இருந்தால் வாட்ஸ்அப்பில் படம் பார்த்து ஒப்புதல் அனுப்பலாம், நாங்கள் அதை அச்செடுத்துத் தாளோடு சேர்ப்போம். ஆனால் சாக்பீஸ் கோட்டுக்கு மட்டும் படம் போதாது, வீட்டில் இருப்பவர் ஒருவர் நின்று பார்த்தே ஆக வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நீங்கள் கையொப்பமிட்டதால் மறைந்திருக்கும் குறை உங்களுடையது ஆகிவிடாது. பின்னாளில் சுவரில் ஈரம் ஏறினால் கூப்பிடுங்கள். சோதித்துத் தேறியது என்று எழுதியவர்கள் நாங்கள், அதற்குப் பதில் சொல்ல வேண்டியதும் நாங்கள்தான்.

பதிவு செய்தவர்கள் ஒப்புதல் தருபவரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் வேலை தொடங்குவதற்கு முன் கடையில் கொடுத்துவிடுங்கள். வாட்டர்புரூஃபிங் காயும் நாட்களிலும் தண்ணீர் கட்டும் நாளிலும் அந்தக் குளியலறையைப் பயன்படுத்த முடியாது. வீட்டில் ஒன்றுதான் இருக்கிறதென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், பின்பக்கத்தில் தற்காலிகக் குழாய் ஒன்று இழுத்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
கடை நிர்வாகத்தினர்,
சுங்கை சிப்புட், பேராக்