டி.ஜி.ஏ. அறிக்கையில் சந்தேகமா? முதலில் சிரிஞ்சைப் பாருங்கள்: ஆலை மின் பராமரிப்புத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்களுக்கு,

வணக்கம். டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். எண்ணெயில் கரைந்திருக்கும் வாயுக்களை அளந்து, உள்ளே என்ன கோளாறு என்று சொல்லும் டி.ஜி.ஏ.தான் அதில் முக்கியமான சோதனை. நீங்கள் அனுப்பும் பர்ச்சேஸ் ஆர்டரில் எந்தெந்தச் சோதனை, எத்தனை நாளில் அறிக்கை, என்ன விலை என்று எல்லாம் தெளிவாக இருக்கும். எண்ணெயை யார், எப்படி எடுக்க வேண்டும் என்று மட்டும் ஒரு வரிகூட இருக்காது. ஷிப்டில் அந்த நேரத்தில் கை காலியாக இருப்பவர் தலையில் அந்த வேலை விழுகிறது. அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் என் குறை.

போன வருடம் ஓர் ஆலையின் 110/11 கிலோவோல்ட் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து சிரிஞ்ச் வந்தது. அதற்கு முந்தைய அறிக்கைகள் எதிலும் மெயின் டேங்க் எண்ணெயில் அசிட்டிலீன் இருந்ததில்லை. இந்த முறை 24 பிபிஎம். ஹைட்ரஜனும் 18 பிபிஎம் கூடியிருந்தது. அசிட்டிலீன் என்றால் உள்ளே எங்கோ ஆர்க் அடித்திருக்கிறது என்று அர்த்தம். ஆலையில் ஷட்டவுனுக்குத் தேதி குறிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. முதலில், மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டேப் சேஞ்சரின் எண்ணெயை எடுத்து, அதே சிரிஞ்சையும் குழாயையும் வைத்தே அப்புறம் மெயின் டேங்கிலும் எடுத்திருக்கிறார்கள்.

டேப் சேஞ்சரின் டைவர்ட்டர் அறையில் ஒவ்வொரு முறை டேப் மாறும்போதும் ஆர்க் அடிக்கும். அது அதன் இயல்பு. அந்த எண்ணெயில் அசிட்டிலீன் 8,000 பிபிஎம், ஹைட்ரஜன் 6,000 பிபிஎம் இருந்தது. சிரிஞ்சின் முனையிலும் த்ரீ-வே காக்கிலுமாக 0.15 மில்லி எண்ணெய் தங்கியிருந்தால் போதும். 50 மில்லி மாதிரியில் அது கலந்தால் அசிட்டிலீன் 24, ஹைட்ரஜன் 18 என்று கணக்கு அப்படியே வந்து நிற்கிறது. புது சிரிஞ்சில் மெயின் டேங்கிலிருந்து மட்டும் திரும்ப எடுத்து அனுப்பச் சொன்னோம். அதில் அசிட்டிலீன் இல்லை. ஷட்டவுன் ரத்தானது. மெயின் டேங்கை முதலில் எடுங்கள், டேப் சேஞ்சரைக் கடைசியில், அதற்கென்று தனி சிரிஞ்சிலும் தனிக் குழாயிலும் எடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

இல்லாத கோளாறைக் காட்டிய மாதிரி இது. இருக்கும் கோளாறை மறைக்கும் மாதிரிதான் எனக்கு அதிகக் கவலை. அதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரு சின்னக் குமிழி.

ஹைட்ரஜன் எண்ணெயில் கரைந்திருக்க விரும்பாத வாயு. பக்கத்தில் கொஞ்சம் வெற்றிடமோ காற்றோ கிடைத்தால் அங்கே ஓடிவிடும். 25 டிகிரியில், ஒரே அளவு எண்ணெயும் வாயுவெளியும் சேர்ந்திருந்தால், எண்ணெயில் இருக்கும் ஹைட்ரஜன், வாயுவெளியில் இருப்பதில் இருபதில் ஒரு பங்குதான். 50 மில்லி எண்ணெய் உள்ள சிரிஞ்சில் 1 மில்லி குமிழி இருந்தால், ஏறக்குறைய 30 சதவீத ஹைட்ரஜன் அந்தக் குமிழிக்குள் போய்விடும். குமிழி 5 மில்லி என்றால் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். அசிட்டிலீன் இவ்வளவு ஓடாது. 5 மில்லி குமிழியிலும் 8 சதவீதம் அளவுக்குத்தான் குறையும். ஆக எல்லா வாயுவும் ஒரே விகிதத்தில் குறைவதில்லை. விகிதங்களை வைத்துத்தான் கோளாறின் வகையைச் சொல்கிறோம் என்பதால், அளவோடு சேர்ந்து முடிவும் தப்பாகிவிடுகிறது.

குமிழி எங்கிருந்து வருகிறது? முதல் வழி, பிளஞ்சரைக் கையால் இழுப்பது. இழுத்தால் உள்ளே அழுத்தம் குறையும், கரைந்த வாயு வெளியே வரும், இணைப்பு வழியாக வெளிக்காற்றும் நுழையும். நிரப்பும்போது பிளஞ்சரைத் தொடவே கூடாது. டேங்கிலிருக்கும் எண்ணெயின் அழுத்தமே அதை மெல்லத் தள்ளிக்கொண்டு வர வேண்டும்.

இரண்டாவது வழி யாரும் கவனிக்காதது. 60 டிகிரியில் எடுத்த 50 மில்லி எண்ணெய் 30 டிகிரிக்குக் குளிர்ந்தால் ஏறத்தாழ 1 மில்லி சுருங்கும். பிளஞ்சர் தாராளமாக நகர்ந்தால் அதுவும் கூடவே உள்ளே இறங்கிவிடும், பிரச்சினை இல்லை. ஆனால் பார்சலில் பிளஞ்சர் அசையக் கூடாது என்று ஒட்டும் டேப் சுற்றி இறுக்கி அனுப்புகிறார்கள். நல்ல எண்ணத்தில் செய்வதுதான். அதனாலேயே அந்த 1 மில்லிக்கு வெற்றிடம் உண்டாகி, மேலே சொன்ன 30 சதவீதம் அதற்குள் போய்விடுகிறது.

எடுக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முழு விவரம் ஐ.எஸ். 9434-இல் இருக்கிறது. வால்வின் வெளிப்புறத்தை நூல் உதிராத துணியால் துடையுங்கள். சிறிய ஒளிபுகும் குழாயில் கொஞ்சம் எண்ணெய் நிரப்பி வால்வில் மாட்டி, வால்வை மயிரிழை அளவு திறந்து பாருங்கள். குழாய் எண்ணெய் டேங்கை நோக்கிப் போனால் உடனே மூடிவிடுங்கள். உள்ளே அழுத்தம் குறைவாக இருக்கிறது. ஓடும் டிரான்ஸ்ஃபார்மருக்குள் காற்றை இழுத்து விடுவீர்கள், அது ஆபத்து. எண்ணெய் வெளியே வந்தால் இரண்டு மூன்று லிட்டரை ஒரு பக்கெட்டில் விட்டுவிடுங்கள். வால்வுக் குழியில் தேங்கிய அழுக்கும் தண்ணீரும் அதில் போய்விடும். அப்புறம் சிரிஞ்சை மாட்டி 10 மில்லி நிரப்பி, முனையை மேலே தூக்கி, காற்றோடு சேர்த்து வெளியே தள்ளுங்கள். இதை இன்னொரு முறை செய்துவிட்டு முழுதாக நிரப்புங்கள். முதலில் சிரிஞ்சின் காக்கை மூடுங்கள், அதற்குப் பிறகு வால்வை.

அந்த நொடியில் குமிழி தெரிந்தால் தள்ளிவிட்டுத் திரும்ப நிரப்பலாம். மறுநாள் தெரியும் குமிழியை மட்டும் தயவுசெய்து தள்ளாதீர்கள். அதில் இருப்பது உங்கள் ஹைட்ரஜன். அப்படியே அனுப்புங்கள், எங்களால் அதையும் சேர்த்து அளக்க முடியும்.

காற்றுப் பட்ட மாதிரி என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எண்ணெயில் காற்று படாதபடி கன்சர்வேட்டரில் ஏர் பேக் வைத்த டிரான்ஸ்ஃபார்மரில் ஆக்ஸிஜன் வழக்கமாகக் குறைவாக இருக்கும். அது திடீரென 30,000 பிபிஎம்மைத் தாண்டி, நைட்ரஜனில் பாதி அளவுக்கு வந்தால், ஒன்று ஏர் பேக் கிழிந்திருக்கிறது, இல்லையென்றால் மாதிரியில் காற்று பட்டிருக்கிறது. இன்னொரு மாதிரி எடுத்தால் எது என்று தெரிந்துவிடும். சிலிக்கா ஜெல் வழியாக நேரே மூச்சுவிடும் டிரான்ஸ்ஃபார்மரில் ஆக்ஸிஜன் வழக்கமாகவே அந்த அளவில்தான் இருக்கும் என்பதால் இந்தச் சோதனை உதவாது. அங்கே எடுத்தவரின் கையைத்தான் நம்ப வேண்டும்.

ஈரப்பதச் சோதனைக்கு மினரல் வாட்டர் பாட்டிலில் எண்ணெய் வருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு லிட்டர் எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர், அதாவது 0.05 மில்லி, 57 பிபிஎம் ஈரத்தைக் கூட்டும். 110 கிலோவோல்ட்டில் நாம் எதிர்பார்ப்பதே 20-க்குக் கீழ்தான். உலர்த்திய பழுப்புக் கண்ணாடி பாட்டிலில், குழாயின் முனையை அடிவரை விட்டு, நிரம்பி வழியவிட்டு மூடுங்கள். மழையிலோ பனியிலோ எடுக்க வேண்டாம்.

அடுத்த பர்ச்சேஸ் ஆர்டரில் மூன்று விஷயங்களைச் சேருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சிரிஞ்ச், காக், குழாய் ஆகியவற்றை ஆய்வகமே தர வேண்டும். மாதிரி எடுத்தவரின் பெயர், எண்ணெயின் வெப்பநிலை, எந்த வால்வு, எந்த வரிசையில் எடுத்தது ஆகியவை எழுதிய சீட்டு ஒவ்வொரு சிரிஞ்சோடும் வர வேண்டும். கெட்டுப்போன மாதிரியைச் சோதிக்காமல் திருப்பி அனுப்பும் உரிமை ஆய்வகத்துக்கு இருக்க வேண்டும், அப்படித் திருப்பியதற்காகத் தாமத அபராதம் பிடிக்கக் கூடாது. இந்தக் கடைசி வரி இல்லாததால்தான் பல ஆய்வகங்கள் டேப் சுற்றி வந்த சிரிஞ்சைக்கூட வாய்மூடி சோதித்து, உங்களுக்கு ஓர் எண்ணை அனுப்பிவிடுகின்றன.

இப்படிக்கு,
எண்ணெய்ச் சோதனை ஆய்வக வேதியியலாளர் ஒருவர்