விமானம் ஏறப்போகும் தம்பிக்கு: சாமான்களின் விலை பற்றி

அன்புத் தம்பி,

வீட்டுச் சாமான்களை விற்க நீ போட்டு அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் வாங்கிய விலையில் பாதி என்று போட்டிருக்கிறாய். வாங்க வருகிறவனுக்கு உன் பில் எதற்கு? அவன் போடும் கணக்கே வேறு.

அந்த மூன்று கதவு அலமாரியையே எடுத்துக்கொள். நீ வாங்கியது 28,000; கேட்பது 14,000. அதே மாதிரிப் புதியது தள்ளுபடியில் 22,000-க்கு வீட்டுக்கே வந்து, மாட்டியும் கொடுத்துவிடுகிறார்கள் என்று வை. உன்னுடையதை எடுக்கிறவன் கழற்றி மாட்ட ஆசாரிக்கு 2,000, குட்டியானைக்கு 1,500, மூன்றாம் மாடியிலிருந்து இறக்க ஆட்கூலி 1,000 தர வேண்டும். 14,000 சொன்னால் அவனுக்கு 18,500 ஆகிவிடும். இன்னும் மூவாயிரத்துச் சொச்சம் போட்டுப் புதிதாகவே வாங்கிவிடுவான். அதுவும் இது பார்ட்டிகிள் போர்டு. ஒருமுறை கழற்றினால் திருகு பழைய ஓட்டையில் பிடிக்காது. அடிப்பலகையை விரலால் தடவிப் பார், வீடு துடைத்த தண்ணீர் ஏறி உப்பியிருக்கும். 7,000-க்குப் போனால் சந்தோஷப்படு.

தேக்குக் கட்டில் அப்படியில்லை. எத்தனை முறை கழற்றினாலும் தாங்கும். அதில் அவசரப்பட்டு இறங்காதே. கட்டிலுக்கு அடியில், பாலிஷ் படாத இடத்தில் மரத்தின் ரேகை தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துப் போடு. விவரம் தெரிந்தவன் அதைத்தான் தேடுவான்.

விளம்பரம் போடுவதற்கு முன்பே பழைய சாமான் கடைக்காரரை வரச்சொல்லி, மொத்தத்துக்கும் ஒரு விலை, தனித்தனியாக ஒரு விலை கேட்டு வை. வயிறு எரியும்படிதான் சொல்வார். ஆனால் எதற்கும் அதற்குக் கீழே போக வேண்டியதில்லை என்று தெரிந்துவிடும். கடைசி இரண்டு நாளில் கூப்பிட்டால் அந்த விலைகூடக் கிடைக்காது, உன் பெட்டிகளைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிடும். வெளிநாடு போகிறோம் என்று எல்லாரிடமும் சொல்லலாம், ஏன் விற்கிறாய் என்ற சந்தேகம் தீரும். தேதியை மட்டும் சொல்லாதே.

நான்கு நாளாகியும் ஒரு போன் வரவில்லையென்றால் விலை அதிகம். நூறு இருநூறு அல்ல, ஐந்தில் ஒரு பங்கு குறை. போட்ட ஒரு மணி நேரத்தில் பத்துப் பேர் கூப்பிட்டால் குறைத்துப் போட்டுவிட்டாய் என்று அர்த்தம். வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போகிறார்களா, படத்தில் மறைத்த கீறலைக் காட்டிவிடு.

பிரிட்ஜ், வாஷிங் மெஷின், மெத்தை மூன்றும் கடைசி நாள்வரை வேண்டும். அதற்காகக் கடைசியில் விற்காதே. இப்போதே பேசி, கால்பங்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, எடுத்துப்போகும் நாளைக் குறித்துக் கொடு. அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் இதற்கு ஆள் கிடைக்கும், வண்டிச் செலவும் இருக்காது. முன்பணம் அனுப்ப க்யூஆர் கோடு ஸ்கேன் பண்ணுங்கள், பின் நம்பர் போடுங்கள் என்று எவனாவது சொன்னால் போனை வை. பணம் வாங்க பின் தேவையே இல்லை.

இரும்பு பீரோவுக்கு மட்டும் விளம்பரம் போடாதே. கடைக்காரர் சொல்லும் விலைக்கு மேல் ஆயிரம் நான் தருகிறேன், வண்டிக் கூலியும் என்னுடையது.

அன்புடன்,
அக்கா