தலைப்பையும் பெயரையும் பைட் கணக்கில் வெட்டித் தமிழ் எழுத்துகளைச் சிதைப்பது குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் அறிவிப்பு அனுப்பும் மென்பொருளின் சந்தாதாரர்கள்

பெறுநர்:
மென்பொருள் உருவாக்கப் பிரிவு மேலாளர் அவர்கள்

பொருள்: மூடப்பட்ட புகாரை மீண்டும் திறந்து, எழுத்து வெட்டும் முறையை மாற்றக் கோருதல்

ஐயா / அம்மா,

தலைப்புகளின் கடைசியில் � குறி வருகிறது என்ற எங்கள் முதல் புகாருக்குத் தங்கள் உதவிப் பிரிவு, "பயனரின் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை" என்று பதில் எழுதியது. அதை மறுத்து எழுதிய பிறகு, "� குறி இனி வராது, பிழை சரிசெய்யப்பட்டது" என்று சொல்லிப் புகாரை மூடிவிட்டீர்கள். இரண்டு பதில்களுமே தவறு. இரண்டாவது பதிலால் நிலைமை மோசமாகியும் இருக்கிறது. முன்பு தப்பு கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது தெரிவதில்லை.

முதலில் எழுத்துருவைப் பற்றி. எழுத்துரு இல்லையென்றால் வெற்றுக் கட்டங்கள் வரும். ஒரு எழுத்துக்கு மட்டும் அல்ல, தமிழ் முழுவதற்கும் வரும். குறியாக்கத்தை மாற்றிப் படித்தால் `à®•` போன்ற குப்பை வரும். அதுவும் வரி முழுக்க இருக்கும். எங்கள் திரையில் வரி முழுவதும் ஒழுங்காக இருந்து, கடைசியில் மட்டும் ஒரு � நின்றது. பைட் வரிசை நடுவில் அறுபட்டதற்கு அதுதான் அடையாளம். படத்தைப் பார்த்தவுடனேயே இதைப் பிரித்துச் சொல்லியிருக்கலாம்.

இனி நடப்பதை ஒரே தலைப்பை வைத்துக் காட்டுகிறோம்: "கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது". யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்தும் இடைவெளியும் ஒவ்வொன்றும் 1 பைட். தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியீடும் 3 பைட். அதிலும் நாம் ஒரு எழுத்து என்று எண்ணுவது பெரும்பாலும் இரண்டு குறியீடுகள். "வை" என்பது வ, அதன் பின் ஐகாரக் குறி. ஆக 6 பைட். "ட்" என்பது ட, அதன் பின் புள்ளி. அதுவும் 6 பைட். இந்தக் கணக்கில் "கூட்டம்" 21 பைட், இடைவெளி 1, "ஒத்திவைக்கப்பட்டது" 54. மொத்தம் 76.

தங்கள் இணையப் பட்டியல் தலைப்பை 60 பைட்டில் வெட்டுகிறது. முதல் சொல்லுக்கும் இடைவெளிக்கும் 22 போக மீதம் 38. அதில் 12 குறியீடுகள் முழுதாக அடங்கும், 2 பைட் மிஞ்சும். 12 குறியீடுகள் "ஒத்திவைக்கப்" வரை வந்துவிடுகின்றன. மிஞ்சிய இரண்டும் அடுத்த "ப"வின் `E0 AE AA` என்ற மூன்று பைட்டில் முதல் இரண்டு. மூன்றாவது இல்லாததால் உலாவி அதை எழுத்தாகப் படிக்க முடியாமல் � போடுகிறது.

"எல்லாத் தலைப்பிலும் வரவில்லையே, சிலவற்றில்தானே வருகிறது" என்று தங்கள் உதவியாளர் கேட்டார். காரணம் இடைவெளிகள். வெட்டும் இடத்துக்கு முன்னால் உள்ள இடைவெளி, எண், ஆங்கில எழுத்து ஆகியவற்றை எண்ணி 60-இலிருந்து கழித்து, வருவதை 3-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி 0 என்றால் � வராது. 1 அல்லது 2 என்றால் வரும். தலைப்பில் ஒரு இடைவெளியைக் கூட்டினாலோ ஒரு தேதியைச் சேர்த்தாலோ பிழை தோன்றி மறைவது இதனால்தான். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் இது ஒருநாளும் அகப்படாது.

இதே உடைந்த பைட்தான் தங்கள் ஏபிஐ சில நேரம் வெற்று மறுமொழி தருவதற்கும் காரணம் என்று கருதுகிறோம். மறுமொழியின் தலைப்பு வரியில் `X-Powered-By: PHP` என்று தங்கள் சேவையகமே சொல்கிறது. பிஎச்பியின் `json_encode`, செல்லாத யூடிஎஃப்-8 சரம் ஒன்று உள்ளே வந்தாலும் இயல்பாக `false` திருப்பும்; அதை அப்படியே அச்சிட்டால் ஒன்றும் வராது. ஐம்பது தலைப்புகள் கொண்ட பட்டியலில் ஒன்று உடைந்திருந்தால் ஐம்பதும் காணாமல் போகும். `json_last_error_msg()` என்ன சொல்கிறது என்று ஒருமுறை பதிவேட்டில் எழுதிப் பாருங்கள்.

இப்போது தங்கள் திருத்தத்துக்கு வருகிறோம். கடைசியில் தொங்கும் அரைகுறை பைட்டுகளை நீக்கிவிடுகிறீர்கள் என்று தெரிகிறது. அதனால் குறியீடு உடையாது. எழுத்து உடைவது நிற்கவில்லை.

கைபேசி அறிவிப்பில் தங்கள் வரம்பு 40 பைட். அதே தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: 40-இல் 22 போக 18, சரியாக 6 குறியீடுகள். ஒ, த, புள்ளி, த, இகரக் குறி, வ. மீதி ஒன்றுமில்லை, நீக்க அரைகுறை பைட்டும் இல்லை. கைபேசியில் வருவது "கூட்டம் ஒத்திவ". "வை"யின் ஐகாரக் குறி வெட்டுக்கு அப்பால் விழுந்துவிட்டது. திரையில் அந்தக் குறி வகரத்துக்கு இடப்பக்கம் தெரிந்தாலும் சேமிப்பில் அது வகரத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதனால்தான் வலப்பக்கம் வெட்டினால் இடப்பக்கத்தில் உள்ளது காணாமல் போகிறது. "மேலும்" பொத்தானைத் தட்டினால் வரும் பிற்பகுதியோ அநாதையான ஐகாரக் குறியோடு தொடங்குவதால், பல கருவிகள் அதற்கு முன் புள்ளி வட்டம் ஒன்றை வரைகின்றன. அதையும் எழுத்துருக் கோளாறு என்று எழுதிவிடாதீர்கள்.

தலைப்பாவது பரவாயில்லை, படிப்பவர் ஊகித்துக்கொள்வார். எங்களுக்குப் பெரிய கவலை தொடர்புப் பட்டியலில் உள்ள சுருக்கப்பெயர்ப் புலம். அங்கே வரம்பு 20 பைட். அதாவது ஆங்கிலத்தில் இருபது எழுத்து, தமிழில் ஆறே குறியீடு. "இளங்கோ" என்ற பெயர் வழக்கமான வடிவில் 6 குறியீடு, 18 பைட், புலத்தில் அடங்கிவிடும். ஆனால் ஓகாரக் குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒரே குறியீடாக `U+0BCB`. அல்லது இரட்டைக் கொம்பு `U+0BC7`, துணைக்கால் `U+0BBE` என இரண்டாக. திரையில் இரண்டும் ஒன்றுதான். சில விசைப்பலகைகளும் சில கோப்பு முறைமைகளும் இரண்டாவது வடிவத்தைத் தருகின்றன. அப்படி வந்தால் அதே பெயர் 21 பைட் ஆகிவிடுகிறது. 20-இல் வெட்டும்போது துணைக்காலின் கடைசி பைட் மட்டும் போகிறது.

முன்பு இந்தப் பெயர் "இளங்கே�" என்று வந்தது. பார்த்தவுடன் தப்பு என்று தெரிந்தது, திருத்தினோம். தங்கள் திருத்தத்துக்குப் பிறகு "இளங்கே" என்று சுத்தமாக வருகிறது. செல்லுபடியாகும் யூடிஎஃப்-8, செல்லுபடியாகும் தமிழ் எழுத்து, தவறான பெயர். எந்தச் சரிபார்ப்பு நிரலும் இதைப் பிடிக்காது. வெட்டியதையே தரவுத்தளத்தில் சேமிப்பதால் மூலப் பெயரும் தங்களிடம் இல்லை.

சரியான முறை கடினமானதும் அல்ல. வெட்டும் அலகு பைட்டாகவும் இருக்கக் கூடாது, குறியீடாகவும் இருக்கக் கூடாது. `substr`-க்குப் பதில் `mb_substr` போடுவது போதாது என்பதற்கு மேலே உள்ள "ஒத்திவ" சாட்சி. மெய்யும் அதன் மேல் ஏறும் குறியும் சேர்ந்த முழு எழுத்தை அலகாகக் கொண்டு, பைட் வரம்புக்குள் எத்தனை முழு எழுத்து அடங்குமோ அத்தனையை எடுக்க வேண்டும். பிஎச்பியின் `intl` நீட்டிப்பில் இதற்கென்றே ஒரு செயற்கூறு இருக்கிறது:

```php
$s = Normalizer::normalize($s, Normalizer::FORM_C);
if (strlen($s) > 60) {
    $s = grapheme_extract($s, 57, GRAPHEME_EXTR_MAXBYTES) . "…";
}
```

முதல் வரி இரண்டாகப் பிரிந்த ஓகாரத்தை ஒன்றாக்குகிறது. 57 என்று கொடுத்ததற்குக் காரணம், "…" குறியே 3 பைட் எடுக்கும். அதை மறந்தால் வெட்டிய பின் மறுபடி வரம்பு மீறும். இந்த முறையில் எங்கள் தலைப்பு பட்டியலில் "கூட்டம் ஒத்திவைக்க…" என்று 55 பைட்டிலும், கைபேசிக்கு 40, 37 என்று மாற்றிக் கொடுத்தால் "கூட்டம் ஒத்தி…" என்று சரியாக 40 பைட்டிலும் முடியும். பைத்தானில் எழுதிய பகுதிகள் இருந்தால் `regex` தொகுப்பின் `\X`, உலாவிப் பக்கத்தில் `Intl.Segmenter` இதே வேலையைச் செய்யும்.

ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறோம். யூனிகோட் விதிப்படி தமிழில் க்ஷ, ஸ்ரீ இரண்டும் ஒரே முழு எழுத்தாக எண்ணப்படுவதில்லை. "லக்ஷ்மி"யை "லக்" என்று வெட்ட இந்தச் செயற்கூறு அனுமதிக்கும். 2023-இல் வந்த 15.1 பதிப்பு தேவநாகரி, தெலுங்கு, மலையாளம் போன்றவற்றின் கூட்டெழுத்துகளைச் சேர்த்துப் பிடிக்கிறது. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. வெட்டு இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்தால் ஒரு எழுத்து பின்வாங்கும்படி தனியாக ஒரு நிபந்தனை எழுதினால் போதும். மற்ற இந்திய மொழி வாடிக்கையாளர்களுக்காகத் தங்கள் சேவையகத்தின் ஐசியு நூலகம் அந்தப் பதிப்புக்கு முந்தையதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கோரிக்கைகள் இவை. தலைப்பு, அறிவிப்பு, சுருக்கப்பெயர் மூன்றிலும் மேற்சொன்ன முறையை வையுங்கள். பெயரைச் சேமிக்கும்போது வெட்டுவதை நிறுத்துங்கள். முழுப் பெயரைச் சேமித்து, காட்டும் இடத்தில் மட்டும் வெட்டுங்கள். ஏற்கெனவே சிதைந்திருக்கக்கூடிய பெயர்களின் பட்டியலை எங்களுக்கு அனுப்புங்கள். மூலப் பட்டியலோடு ஒப்பிட்டு நாங்களே திருத்திக்கொள்கிறோம். அதை எடுக்க இது போதும்:

```sql
SELECT id, short_name FROM contacts
WHERE OCTET_LENGTH(short_name) >= 18;
```

வெட்டுப்பட்ட தமிழ்ப் பெயர் 18-க்குக் கீழே போகாது என்பதால் இந்த எண். இயல்பாகவே அந்த நீளம் உள்ள சரியான பெயர்களும் பட்டியலில் வரும். அவற்றை நாங்கள் ஒதுக்கிக்கொள்வோம்.

திருத்தத்தை வெளியிடும் முன் சோதிக்க, "கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது", இரண்டு வடிவிலும் "இளங்கோ", "லக்ஷ்மி" ஆகியவற்றை 1 பைட் முதல் முழு நீளம் வரை ஒவ்வொரு வரம்பிலும் வெட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வெளியீடு மூலச் சொல்லின் முழு எழுத்துகளில் முடிகிறதா என்பதை நிரலே ஒப்பிடட்டும். "�" இருக்கிறதா என்று மட்டும் தேடும் சோதனையை ஏற்க மாட்டோம்.

சுருக்கப்பெயர்ப் பட்டியல் கிடைக்கும் வரை அந்தப் புலத்தைப் பயன்படுத்தும் அனைத்து அனுப்புதல்களையும் நிறுத்தி வைத்திருக்கிறோம். அந்தக் காலத்துக்கான சந்தாவைக் கணக்கில் வரவு வைக்கவும் கோருகிறோம்.

இப்படிக்கு,
சந்தாதாரர்கள்

இணைப்பு: வெட்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த பைட் பதிவுகள், திரைப்பிடிப்புகள்